ஆடி வெள்ளியில் கன்னியப்பன் நடத்திய முகாம்

கன்னியப்பன் உடம்பில் ஓடியது எந்த ஊர்க்காரனின் ரத்தம் என்று அவனுக்கே தெரியாது. தெரியாமலேயே பல வருஷமாக அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நன்றியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் அவனை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு தொழிற்சாலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் தோல் ஷாப்பில், நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். கன்னியப்பன் அதே ஷாப்பில் டிரம் பகுதியில் வேலை பார்த்தான். வீடு அளவு மர டிரம்மில் தோலையும் குரோம் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிடுவார்கள். ஈரத்தோடு இறக்கும்போது தோல் நீலமாக இருக்கும், இறக்குகிறவன் கையும் நீலமாக இருக்கும். எழுபத்தேழில் ஒருநாள் அவன் இடது கை டிரம்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போயிற்று. பிழைப்பானா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவன் மனைவி பூவம்மாளும் நின்றுகொண்டிருந்தோம். சொந்தக்காரர்கள் எல்லாம் ரத்தம் என்றதும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். கடைசியில் ஒரு புரோக்கர் எங்கிருந்தோ காசுக்கு ரத்தம் கொடுக்கும் ஒரு ஆளைக் கூட்டிவந்தான். அந்த ஆளின் ரத்தம்தான் ஏறியது. கன்னியப்பன் பிழைத்தான்.

எண்பத்து மூன்றில் ஊரில் ஒரு கிளப் ரத்ததான முகாம் நடத்தியது. பெரிய மனிதர்கள் கிளப். செயலாளர் சுந்தரமூர்த்தி, பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கன்னியப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஷேவ் செய்துகொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினான். அவன் சிநேகிதன் அமீர் பாஷாவும் கூட. வாசலில் பேட்ஜ் குத்திய ஒரு பையன் எங்கே வேலை என்று கேட்டிருக்கிறான். தோல் ஷாப் என்றதும் உள்ளே போய் சுந்தரமூர்த்தியைக் கூட்டிவந்தான்.

"தோல் ஷாப்பா? உங்க ரத்தத்துல கெமிக்கல் கலந்திருக்கும்பா. நோயாளிக்கு ஏத்த முடியாது. போய் வேற நல்ல காரியம் பாருங்க" என்றாராம் சுந்தரமூர்த்தி. உள்ளே டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் வரைக்கும் இவர்களை விடவேயில்லை.

அன்று மாலை கன்னியப்பன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கிருபா சார், எனக்கு ரத்தம் ஏத்தும்போது நான் எங்க வேலை செய்றேன்னு எவனும் கேக்கல. எடுக்கும்போது மட்டும் இன்னாத்துக்கு கேக்கறாங்க?"

பதிலையும் அவனே சொன்னான்.

"நம்ம முகாம நம்மளே வைப்போம். நீ லெட்டர் எழுது."

கிளப் வைக்கும், காலேஜ் வைக்கும், கம்பெனி வைக்கும். டிரம் ஆள் ரத்ததான முகாம் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொன்னேன். "இப்போ கேள்விப்பட்டுட்ட இல்ல, எழுது" என்றான்.

எழுதினேன். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்கு, தோல் ஷாப் தொழிலாளர்கள் ரத்தம் கொடுக்கலாமா கூடாதா என்று நேராகவே கேட்டு எழுதினேன். பதில் வர நாளாயிற்று. வந்த பதிலில் நாலே வரி. வேலையை வைத்து யாரையும் ஒதுக்குவதில்லை. உடம்பை வைத்துத்தான் பார்ப்போம். ஐம்பது பேராவது நிச்சயமாக வருவார்கள் என்றால் வண்டியும் ஆட்களும் அனுப்புகிறோம். முதலில் இடத்தைப் பார்க்க எங்கள் சிஸ்டர் வருவார். கன்னியப்பன் அதை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடம்தான் முதல் தலைவலி. ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத் தோல் ஷாப்புகளுக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. முதலாளிகள் தொழுகைக்குப் போகிற நாள். ஞாயிற்றுக்கிழமை ஷாப் ஓடும். பள்ளிக்கூடங்களோ ஞாயிற்றுக்கிழமை காலி, வெள்ளிக்கிழமை நடக்கும். ஆள் இருக்கும் நாளில் இடம் இல்லை, இடம் இருக்கும் நாளில் ஆள் இல்லை. நான் போய் எங்கள் கிறிஸ்தவ சபைப் பள்ளி, நகராட்சிப் பள்ளி என்று ஒவ்வொரு வாசலாகக் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றதும் எல்லாரும் கையை விரித்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஒரு நாளு லீவு கேட்டா இன்னா?" என்றேன் கன்னியப்பனிடம்.

மேனேஜர் காசிநாதனிடம் கேட்டோம். அவர் எங்களைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்தபடியே பேசினார். "ரத்தம் கொடுத்தவன் அன்னிக்கு தோல தூக்குவானா? மறுநாளு மயக்கம்னு படுத்துக்குவான். புரொடக்‌ஷன் யார் பாக்கறது? ஷாப் பேர வெச்சி முகாம் கிகாம்னு ஒன்னும் கிடையாது. கேட்ல நோட்டீஸ் ஒட்டினா கிழிச்சிடுவேன்."

கன்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான். குரல் மட்டும் கட்டவில்லை. "சரிங்க சார். ஷாப் நாள்ல என் ஒடம்புக்கு நீங்க மேனேஜர். வெள்ளிக்கிழமை என் ஒடம்புக்கு நான்தான் முதலாளி. உங்க கேட்டும் வேணாம், நோட்டீஸும் வேணாம்."

காசிநாதன் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். வேலைக்கு உலை வைத்துக்கொண்டான் என்றே நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. யோசித்துப் பார்த்தால், மேனேஜர் ஒரு நல்ல விஷயத்தையே சொல்லியிருந்தார். ரத்தம் கொடுத்த அன்று பளு தூக்கக் கூடாது. விடுமுறை நாளை விட்டால் எங்களுக்கு வேறு நாளே கிடையாது.

இடத்தை அமீர் பாஷாதான் பிடித்தான். "பேஜாரே வேணாம் தோஸ்த், எங்க ஸ்கூலு வெள்ளிக்கிழமை லீவுதானே!" என்றான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிதான் விடுமுறை. ஊரெல்லாம் அலைந்த எனக்கு அது தோன்றவேயில்லை, தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன்.

தலைமையாசிரியர் வாஹித் பாஷா மூன்றே நிபந்தனை சொன்னார். ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன் ஊசி வேலை முடிய வேண்டும். மைக் செட் கூடாது. போகும்போது ஹால் வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். "ரோஜா மாசத்துல வேணாம். பட்டினியா இருக்கறவன் கிட்ட ரத்தம் எடுக்கக் கூடாது" என்று அவரே சொன்னார். ரம்ஜான் முடிந்த பிறகு வரும் வெள்ளிகளில் ஒன்றை ரத்த வங்கியிடம் கேட்டோம். அவர்கள் கொடுத்த தேதியைக் காலண்டரில் பார்த்தேன். ஆடி மாதம். ஆடி வெள்ளி. வேண்டாம் என்றால் அடுத்த தேதி மழைக்காலத்துக்கு அப்புறம்தான். அதற்குள் காலேஜ் முகாம்கள் வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

பூவம்மாள் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாய்யா, புத்தி கெட்டுப் போச்சா? வெள்ளிக்கிழமை விளக்கு வெச்ச வூட்லேர்ந்து உப்பு கூட நான் வெளியே குடுக்க மாட்டேன். ஆடி வெள்ளியில ரத்தத்தப் போய் பாட்டில்ல புடிச்சி குடுப்பியா? இருக்கற லட்சுமியும் போய்டுவா."

ஷாப் ஆட்கள் குடியிருந்த காலனி முழுக்க இதே பேச்சுதான். எங்கள் கிறிஸ்தவ வீடுகளிலும் வெள்ளிக்கிழமை கடன் கொடுக்காத வீடுகள் உண்டு, நான் மறைக்க விரும்பவில்லை. கன்னியப்பன் வீடு வீடாகப் போனான். "நான் கடன் குடுக்கல, கடன் அடைக்கறேன்" என்பான். ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று முறைத்தார்கள்.

இடத்தைப் பார்க்க கிரேஸி சிஸ்டர் பஸ்ஸில் வந்தார். ஒல்லியான உடம்பு, ஓயாத கால். ஹாலை நாலு மூலையும் நடந்து பார்த்தார். காற்று வருகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பிளக் பாயிண்ட் வேலை செய்கிறதா, கக்கூஸ் எங்கே என்று பார்த்தார். "ஒரு வாசல்ல உள்ள வரணும், இன்னொரு வாசல்ல வெளிய போகணும். கொடுத்துட்டு வர்றவனும் கொடுக்கப் போறவனும் இடிச்சிக்கக் கூடாது. ரத்தத்தப் பாத்தாலே சில பேர் விழுவாங்க" என்றார். கட்டில் கேட்டார். காலனியில் இருந்தது கயிற்றுக் கட்டில்தான். உட்கார்ந்தால் குழி விழும், ஆகாது என்றார். வாத்தியார் மேஜைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி, மேலே மெத்தை, துவைத்த போர்வை போடுவது என்று முடிவாயிற்று. மயக்கம் வந்தால் கால் பக்கத்தை உயர்த்த மேஜைக்குப் பக்கத்தில் செங்கல். பாட்டில், ஊசி, குழாய், பிரஷர் பார்க்கும் கருவி, குளிர்ப்பெட்டி எல்லாம் அவர்கள் கொண்டுவருவார்கள். ஐஸ் மட்டும் நாங்கள். ஐஸ் கம்பெனியும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பதால் வியாழன் சாயங்காலமே வாங்கி, மரத்தூளில் புதைத்து, கோணி சுற்றி வைக்க வேண்டியிருந்தது. நகராட்சி சுகாதார அதிகாரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தகவல் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பெயர் பதிகிற மேஜை எனக்கு. ஆட்களைக் கூட்டி வருவதும் வரிசையும் அமீர் பாஷாவுக்கு. கொடுத்தவர்களைக் கால் மணி நேரமாவது படுக்க வைத்து, பிறகு உட்கார வைத்து, பால், பிஸ்கட் கொடுத்து, முகம் வெளுக்கிறதா என்று பார்க்கிற வேலை டிரம் பகுதி இளைஞர்களுக்கு. "எழுந்ததும் பீடி பத்த வைக்கறவன விடாதீங்க, தலை சுத்தி விழுவான்" என்று கிரேஸி சிஸ்டர் சொன்னதுதான் எல்லாருக்கும் மனப்பாடமாயிற்று. கன்னியப்பன் எல்லாவற்றுக்கும் பொது. அவனுக்கு மனதில் ஒரே ஆசைதான் இருந்தது. முதல் மேஜையில் முதல் ஆளாக அவன் படுக்க வேண்டும். அவன் பாட்டில் நிறைய வேண்டும். அதை ஊர் பார்க்க வேண்டும்.

அங்கேதான் கல் விழுந்தது.

யார் கொடுக்கலாம் என்ற விதிகளை கிரேஸி சிஸ்டர் எழுதித் தந்திருந்தார். காலனி நடுவில் லைட் கம்பத்தடியில் நின்று நான் சத்தமாகப் படித்தேன். பதினெட்டு வயதுக்கு மேல், அறுபதுக்குள். எடை நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையக் கூடாது. மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் வேண்டாம். மஞ்சள்காமாலை வந்தவர்கள் கொடுக்கக் கூடாது.

"எப்போ வந்திருந்தா?" என்றான் கன்னியப்பன்.

"எப்போ வந்திருந்தாலும்னு போட்டிருக்கு."

"ஒனக்கு வந்துச்சே" என்றாள் பூவம்மாள். "கை போன மூணு நாலு மாசத்துல. கண்ணெல்லாம் மஞ்சளா. கீழாநெல்லி அரைச்சி அரைச்சி என் கை தேஞ்சிச்சி."

எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. முகாம் வைக்கிறவனே கொடுக்க முடியாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? சுந்தரமூர்த்தி என்ன சொல்வார்? தோல் ஷாப் ரத்தம் கெட்ட ரத்தம் என்று நாங்கள்தானே சொல்லாமல் சொன்ன மாதிரி ஆகும்?

அமீர் பாஷா அவன் தோளில் கை போட்டான். "சொல்லாத தோஸ்த். ஏழு வருசமாச்சி. கேட்டா இல்லன்னு சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது?"

கன்னியப்பன் அந்தக் கையை விலக்கிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான். மறுநாள் காலையில் ஷாப் கேட்டில் என்னைப் பிடித்தான். "காமாலை ரத்தத்துல இன்னொருத்தருக்குப் போகுமா கிருபா சார்?" என்று கேட்டான். போகும், அதனால்தான் கேட்கிறார்கள் என்று கிரேஸி சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அப்போ எனக்கு வந்தது அந்த பாட்டில்லேர்ந்துதான்" என்றான். "புரோக்கர் கூட்டியாந்தவனையும் ஒருத்தர் கேட்டிருப்பாரு. அவன் இல்லன்னு சொல்லியிருப்பான்."

சொல்லிவிட்டு ஷாப்புக்குள் போய்விட்டான். ஆனால் முதல் மேஜையில் படுக்கிற ஆசையை அவன் விட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் சலவைக்குப் போட்ட சட்டையை வாங்கி வந்ததைப் பார்த்தேன். வியாழக்கிழமை மாலை ஹாலைக் கழுவித் துடைக்கும்போது முதல் மேஜையின் போர்வையை அவனே விரித்தான், சுருக்கம் இல்லாமல் நீவி நீவி.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. டாக்டரம்மா ஒருவர், கிரேஸி சிஸ்டர், இரண்டு டெக்னீஷியன்கள் இறங்கினார்கள். வாசலில் எங்கள் ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். எல்லாரும் குளித்து, தலை வாரி, வெளுத்த வேட்டி கட்டி, சிலர் நெற்றி நிறைய விபூதியோடு. கைகளில் மட்டும் அந்த நீலம் போகாமல் இருந்தது.

கிரேஸி சிஸ்டர் முதல் ஆளிடம் கேட்டார். "நாஷ்டா பண்ணிட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர். பச்சத் தண்ணி கூட குடிக்கல. சுத்தமா வந்திருக்கேன்" என்றான் அவன் பெருமையாக.

அடுத்தவனும் அப்படித்தான். அதற்கடுத்தவனும். வரிசை முழுக்கப் பட்டினி. நாங்கள் வீடு வீடாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தோம். ஆனால் எங்கள் ஜனங்களுக்கு வேலூர் ஆஸ்பத்திரிகளோடு பழக்கம் ஜாஸ்தி. ரத்தம் டெஸ்ட் பண்ண வேண்டும் என்றால் வெறும் வயிற்றில் வா என்று அங்கே சொல்லிச் சொல்லி, ரத்தம் என்றாலே பட்டினி என்று ஊறிப்போயிருக்கிறது. கிளார்க் சொன்னால் கேட்பார்களா, டாக்டர் சொன்னதைக் கேட்பார்களா? போதாக்குறைக்கு ஆடி வெள்ளி விரதம் வேறு.

டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டார். "ஒருத்தரையும் எடுக்க முடியாது. வரிசையா மயக்கம் போட்டு விழுவாங்க. சாப்பிட்டுட்டு வரட்டும்."

காலனிக்குப் போய்ச் சாப்பிட்டு வரச் சொன்னால் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள். மனைவிமார் விட மாட்டார்கள். பாங்கு நேரமோ நமக்காகக் காத்திருக்காது. அமீர் பாஷா முஸ்லிம் ஆட்களுக்குப் பக்கத்து ஓட்டலில் பன்னும் டீயும் சொல்ல ஓடினான். கன்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மன் கோயில் பக்கம் ஓடினான். ஆடிக் கூழ் ஊற்றுகிற நாள் அது. அண்டாவுக்குப் பொறுப்பு பூவம்மாள்.

அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தள்ளுவண்டியில் கூழ் அண்டா வந்தது. பின்னாலேயே சொம்பும் வெங்காயமும் முருங்கைக்கீரைப் பொரியலுமாகக் காலனிப் பெண்கள். முன்னால் பூவம்மாள், கையில் அகப்பை, முகத்தில் கடுகடுப்பு.

"அம்மனுக்கு மொதல் கரண்டி எடுத்து வெச்சாச்சி. மீதி பசிச்சவனுக்குத்தான். வாங்கிக் குடிங்கடா, வெறும் வயித்து வீரனுங்களா" என்று ஊற்ற ஆரம்பித்தாள். கூழ் ஊற்றினாளே தவிர, ரத்தத்துக்கு அவள் சம்மதிக்கவில்லை. அதை ஒவ்வொருவன் முகத்துக்கு நேராகவும் சொல்லிக்கொண்டேதான் ஊற்றினாள்.

குடித்துச் சற்று நேரம் உட்கார வைத்த பிறகு வேலை ஆரம்பித்தது. எடை, பிரஷர். பிறகு விரல் நுனியில் ஊசிக் குத்து. ஒரு துளி ரத்தத்தை நீலத் தண்ணீரில் விடுவார்கள். மயில்துத்தத் தண்ணீர். துளி மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, மிதந்தால் இல்லை. "நம்ம டிரம் தண்ணி மாதிரியே இருக்குதே" என்றான் ஒருவன். "நம்ம ரத்தத்துக்கு நல்லா பழகின கலருதான், நேரா உள்ள போய்டும்" என்றான் இன்னொருவன். சிரிப்பு வரிசை முழுக்கப் போனது. துளிகள் மூழ்கின. சிலருடையது மிதந்தது, அவர்களைக் கீரை சாப்பிடச் சொல்லி, கை கொடுத்து அனுப்பினார்கள்.

முதல் மேஜை மட்டும் காலியாக இருந்தது. அதில் யாரும் படுக்கவில்லை. கன்னியப்பனுக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் சுந்தரமூர்த்தி வந்தார். கூட பேட்ஜ் குத்தாத இரண்டு பேர். வாழ்த்த வந்தாரா வேடிக்கை பார்க்க வந்தாரா, அவருக்கே தெரிந்திருக்காது. நாற்காலி போட்டோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். கன்னியப்பன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, நேராக டாக்டரம்மா எதிரில் போய் உட்கார்ந்தான். அமீர் பாஷா எனக்குப் பக்கத்தில் நின்று "இல்லன்னு சொல்லு, இல்லன்னு சொல்லு" என்று வாய்க்குள் முனகினான்.

"ஜுரம், மலேரியா ஏதாவது?"

"இல்லம்மா."

"மஞ்சள்காமாலை வந்திருக்கா?"

கூழ் அகப்பை சத்தம் நின்றது.

"வந்திருக்குதும்மா" என்றான் கன்னியப்பன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான். "எழுபத்தேழுல. ரத்தம் ஏத்தினதுக்கு அப்பறம்."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "அப்போ நீங்க கொடுக்க முடியாதுங்க. எப்பவுமே."

"தெரியும்மா. நீங்க சொல்லி கேக்கணும்னுதான் உக்காந்தேன்."

ஜன்னல் பக்கத்திலிருந்து சுந்தரமூர்த்தி தொண்டையைச் செருமினார். "நாங்க அன்னிக்கே சொன்னோமே. தோல் ஷாப் ரத்தம்னா..."

டாக்டரம்மா திரும்பினார். "தோல் ஷாப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார். காமாலை வந்தா கலெக்டரா இருந்தாலும் இதான். அங்க பாருங்க, மத்த எல்லா மேஜையிலயும் இவங்க ஆளுங்கதான் படுத்திருக்காங்க."

கன்னியப்பன் எழுந்து நின்றான். அந்த முகத்தில் அழுகை இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. "சார், அன்னிக்கு வாசல்ல நீங்க என்னப் பாத்து வேணாம்னீங்க. இன்னிக்கு உள்ள டாக்டர் என் ஒடம்பப் பாத்து வேணாம்ங்கறாங்க. இது எனக்கு சரி. அது எனக்கு என்னிக்கும் சரியில்ல" என்றான்.

கன்னியப்பனுக்கு என்று வைத்த மேஜை அப்படியே காலியாகக் கிடந்தது. நீவி விட்ட போர்வை. அதைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் நின்றோம்.

பூவம்மாள் அகப்பையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள். கூழ் குடித்தாயா என்று கேட்டதற்கு, "ஊத்தறவ குடிக்காம இருப்பாளா?" என்றாள். எடை சரி. பிரஷர் சரி. துளி நீலத் தண்ணீரில் விழுந்து நேராக அடிக்குப் போயிற்று.

"இன்னா பூவம்மா, இன்னிக்கு ஆடி வெள்ளியாச்சே! வூட்டு லட்சுமி போய்ட மாட்டாளா?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள்.

பூவம்மாள் போர்வை மேல் சாய்ந்து கையை நீட்டினாள். "லட்சுமி எப்போடி எங்க வூட்ல இருந்தா, இப்போ போறதுக்கு? இருக்கறது ரத்தம் ஒன்னுதான். அதையும் கெட்டதுன்னு சொன்னா நான் சும்மா இருப்பேனா?" என்றாள். ஊசி ஏறும்போது முகத்தைச் சுளிக்கவில்லை. கீழே ஸ்டூலில் இருந்த கண்ணாடி பாட்டிலை டெக்னீஷியன் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு ஏறுவதைக் கன்னியப்பன் பக்கத்தில் நின்று பார்த்தான். பாட்டில் நிறைந்தது.

அதற்குப் பிறகு காலனிப் பெண்கள் நாலைந்து பேர் என் மேஜைக்கு வந்து பெயர் சொன்னார்கள். ஒருத்திக்கு எடை போதவில்லை, டாக்டரம்மாவோடு சண்டை போட்டாள். பாங்கு சொல்லும் முன்பே கடைசி ஊசியை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. பூவம்மாள் மேஜையை விட்டு இறங்கிய சமயத்தில் சுந்தரமூர்த்தி மெதுவாக எழுந்து வாசல் பக்கம் நழுவினார். அங்கே கன்னியப்பன் நின்றிருந்தான். வேறு வேலை இல்லாததால் வாசலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போய் நின்றவன்.

"எங்க சார் போறீங்க? இன்னும் நேரம் இருக்குது" என்றான்.

"இல்லப்பா, வெள்ளிக்கிழமை... வூட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றார் சுந்தரமூர்த்தி.

கன்னியப்பன் வாசலிலிருந்து ஒதுங்கி, உள்பக்கம் கையைக் காட்டினான். விரல் போன அந்த இடது கையை.

"உள்ள வாங்க சார். டாக்டரம்மா பாத்து சொல்லுவாங்க. இந்த வாசல்ல நிக்கறவன் யாரையும் திருப்பி அனுப்பறதில்ல."

சுந்தரமூர்த்தி வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது. கடைசியில், செருப்பைக் கழற்றிவிட்டு, ரத்தம் கொடுக்கக் கடைசி ஆளாக நின்ற அமீர் பாஷாவுக்குப் பின்னால் போய் நின்றார்.